ரிக்ரஷன் ஆய்வேட்டில் அந்த ஒரு பத்தி

மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பது என் வேலை. ஆய்வு முறைகள் என்ற அத்தியாயத்தின் கடைசியில் ஒரு சின்னப் பத்தி இருக்கும். ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி: "தரவுகள் எக்ஸெலில் பதியப்பட்டு எஸ்.பி.எஸ்.எஸ். மூலம் பகுப்பாய்வு செய்யப்பட்டன. சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிடப்பட்டன. ரிக்ரஷன் செய்யப்பட்டது. எல்லா நிபந்தனைகளும் சரிபார்க்கப்பட்டன. பி-மதிப்பு 0.05-க்குக் குறைவாக இருந்தால் முக்கியமானதாகக் கொள்ளப்பட்டது." மயக்கவியல் ஆய்வாக இருந்தாலும் மகப்பேறு ஆய்வாக இருந்தாலும் இதே பத்திதான். மூத்த மாணவரின் ஆய்வேட்டிலிருந்து இளையவருக்கு, அவரிடமிருந்து அடுத்தவருக்கு என்று வழிவழியாக வருகிறது.

இந்தப் பத்தியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதையும் தரவுக் கோப்பையும் இன்னொருவர் கையில் கொடுத்தால், ஆய்வேட்டில் இருக்கும் அட்டவணையை அவரால் திரும்பக் கொண்டுவர முடியாது. நான் வைக்கும் சோதனை அதுதான். மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் எழுதிய பத்தியை மட்டும் பார்த்து நான் கட்டளைகளைத் தட்டச்சு செய்வேன். எங்கே என் கை நிற்கிறதோ அங்கே ஒரு வாக்கியம் குறைகிறது.

இதைச் சொல்லிக் கொடுக்க மாணவரின் சொந்தத் தரவை எடுப்பதில்லை. ஆர் மென்பொருளை நிறுவினாலே கூட வந்துவிடும் `MASS` தொகுப்பில் `birthwt` என்றொரு தரவு இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள பேஸ்டேட் மருத்துவ மையத்தில் 1986-ல் சேகரித்தது. 189 பிரசவங்கள். குழந்தையின் பிறப்பு எடை கிராமில், தாயின் வயது, கர்ப்பத்துக்கு முந்தைய எடை பவுண்டில், இனம், கர்ப்ப காலத்தில் புகைபிடித்தாரா, முன்பு குறைப்பிரசவ வலி வந்திருக்கிறதா, உயர் ரத்த அழுத்தம் இருந்ததா, கருப்பை எரிச்சல் இருந்ததா என்று சில மாறிகள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து செய்து பார்க்கலாம் என்பதால் இதையே இங்கேயும் வைத்துக்கொள்கிறேன். கேள்வி: தாய் புகைபிடிப்பதற்கும் குழந்தையின் எடைக்கும் என்ன தொடர்பு?

```r
library(MASS)
d <- birthwt
d$race <- factor(d$race, labels = c("white", "black", "other"))
d$ptd  <- factor(d$ptl > 0)
m <- lm(bwt ~ smoke + age + lwt + race + ptd + ht + ui, data = d)
```

ஐந்தே வரிகள்தான். ஆனால் "ரிக்ரஷன் செய்யப்பட்டது" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு இதில் ஒரு வரியைக்கூட எழுத முடியாது. முதலில், இது நேர்கோட்டு ரிக்ரஷனா லாஜிஸ்டிக்கா? கோப்பில் எடை கிராமாகவும் இருக்கிறது, 2,500 கிராமுக்குக் கீழா மேலா என்று 0, 1 ஆகவும் இருக்கிறது. எதை விளைவாக எடுத்தோம், எந்த அலகில் எடுத்தோம் என்று சொல்ல வேண்டும்.

அடுத்து இனம். கோப்பில் அது 1, 2, 3 என்று எண்ணாகக் கிடக்கிறது. `factor` என்று சொல்லாமல் அப்படியே உள்ளே விட்டால் கணினி முறைக்காது. வெள்ளையரிலிருந்து கறுப்பினத்தவருக்கு எவ்வளவு மாற்றமோ, அங்கிருந்து "மற்றவர்"க்கும் அதே அளவு மாற்றம் என்று ஒரு நேர்கோட்டை இழுத்துக் கொடுத்துவிடும். எஸ்.பி.எஸ்.எஸ்ஸின் லீனியர் ரிக்ரஷன் மெனுவிலும் இதே கதைதான். அது தானாக ஒவ்வொரு வகையையும் 0, 1 ஆகப் பிரித்து டம்மி மாறிகள் செய்து தராது. நம்மூர் ஆய்வேடுகளில் இந்த இடத்தில் மாட்டுவது கல்வித் தகுதியும் சமூகப் பொருளாதார நிலையும். முடிவு அட்டவணையில் மூன்று வகையுள்ள மாறிக்கு ஒரே ஒரு கெழு இருந்தால், எண்ணாகவே ஓடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆகவே பத்தியில் வகை மாறிகள் எவை, ஒப்பீட்டு வகை எது என்று எழுத வேண்டும்.

முந்தைய குறைப்பிரசவ வலி கோப்பில் எண்ணிக்கையாக இருக்கிறது: 159 பேருக்கு 0, 24 பேருக்கு 1, ஐந்து பேருக்கு 2, ஒருவருக்கு 3. அந்த ஆறு பேரை நம்பி ஒரு கோட்டை இழுப்பதைவிட "உண்டு, இல்லை" என்று சுருக்குவது மேல் என்று முடிவெடுத்தேன். வேறொருவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், தப்பில்லை. ஆனால் சுருக்கினேன் என்பதும் எங்கே வெட்டினேன் என்பதும் பத்தியில் வந்தாக வேண்டும்.

அப்புறம், இந்த மாறிகளை ஏன் சேர்த்தேன்? இதற்குத்தான் மாணவர்கள் அதிகம் திணறுகிறார்கள். "ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பி-மதிப்பு 0.2-க்குக் கீழே வந்ததை எல்லாம் சேர்த்தோம் சார்" என்பார்கள். அப்படிச் செய்திருந்தால் அதையே எழுதட்டும், மறைப்பதுதான் தவறு. ஆனால் ஒரு வெளிப்பாட்டுக்கும் ஒரு விளைவுக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வில், எது குழப்பும் காரணி என்பதைத் துறை அறிவை வைத்து முன்கூட்டியே முடிவு செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இந்தத் தரவே அதற்கு நல்ல சாட்சி. எதையும் சேர்க்காமல் பார்த்தால், புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 284 கிராம் குறைவு. மற்ற மாறிகளைச் சேர்த்தால் வித்தியாசம் 300 கிராமைத் தாண்டுகிறது. இதில் இனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெள்ளையரான 96 தாய்மாரில் 52 பேர் புகைபிடித்தவர்கள். "மற்றவர்" 67 பேரில் 12 பேர்தான். வெள்ளையரின் குழந்தைகளோ சராசரியாக எடை கூடியவர்கள். அதனால் சேர்க்காமல் பார்க்கும்போது புகையின் பாதிப்பு கொஞ்சம் ஒளிந்துகொள்கிறது. சரிசெய்யாத மதிப்பு, சரிசெய்த மதிப்பு இரண்டையும் தருவோம் என்று பத்தியில் ஒரு வாக்கியம் போட்டால், வாசகருக்கு இந்த நகர்வு தெரியும்.

இனி நிபந்தனைகள். "எல்லா நிபந்தனைகளும் சரிபார்க்கப்பட்டன" என்ற வாக்கியத்தைப் பார்த்தால் நான் கேட்பது இதுதான்: எந்த நிபந்தனை, எதை வைத்துப் பார்த்தீர்கள், பொருந்தாமல் போயிருந்தால் என்ன செய்வதாக இருந்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது.

இயல்நிலைப் பரவல் விஷயத்தில் ஒரு மாணவியோடு நடந்த பேச்சு நினைவிருக்கிறது. கோப்பில் இருந்த மாறிகள் எல்லாவற்றுக்கும் ஷபிரோ-வில்க் சோதனை போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"சார், ஒண்ணுமே நார்மல் இல்ல. ரிக்ரஷன் போடவே கூடாதுன்னு சொல்றாங்க."

"புகைப்பழக்கத்துக்கும் போட்டிருக்கீங்களே, அது 0, 1 தானே?"

"ஆமா சார். அதுவும் நார்மல் இல்ல."

இரண்டே மதிப்பு உள்ள ஒன்று எப்படி மணி வடிவில் இருக்கும்! சிரித்துவிட்டோம். ஆனால் சிக்கல் உண்மையானது. நேர்கோட்டு ரிக்ரஷன் விளக்கும் மாறிகளிடம் இயல்நிலைப் பரவலைக் கேட்பதே இல்லை. விளைவு மாறியையும் நேரடியாகக் கேட்பதில்லை. கேட்பது பிழையிடம் மட்டும். அதை நாம் பார்ப்பது ரெசிடுவல் வழியாக, அதாவது உண்மையான மதிப்புக்கும் மாதிரி கணித்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் வழியாக. ஆண், பெண் இருவரின் ஹீமோகுளோபினையும் ஒன்றாகப் போட்டு வரைந்தால் பரவல் அகன்றும் கோணியும் இருக்கலாம். பாலினத்தை மாதிரியில் சேர்த்த பிறகு ரெசிடுவல் ஒழுங்காக உட்காரும். அதனால் மாதிரியைப் போடுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்வதில் அர்த்தமில்லை. போட்ட பிறகு ரெசிடுவலைப் பார்க்க வேண்டும்.

முன்பே சோதித்தவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் கவலை. விளைவை மடக்கைக்கு மாற்றுகிறார்கள், அல்லது நடுமதிப்பில் வெட்டி லாஜிஸ்டிக்குக்குப் போகிறார்கள். மடக்கைக்கு மாற்றினால் விடை கிராமில் வராது, விகிதமாக வரும். நடுமதிப்பில் வெட்டினால் 2,000 கிராம் குழந்தையும் 2,900 கிராம் குழந்தையும் ஒரே கூடையில் விழுந்துவிடும். தேவையில்லாத ஒரு சோதனை ஆய்வின் கேள்வியையே மாற்றிவிடுகிறது.

ரெசிடுவலுக்கும் ஷபிரோ-வில்க்கை நான் பரிந்துரைப்பதில்லை. முப்பது பேர் உள்ள தரவில் பெரிய கோணலையும் அது கோட்டை விடும். சில ஆயிரம் பேர் உள்ள தரவில் யாருக்கும் பாதிப்பில்லாத சிறு கோணலுக்கும் கூச்சல் போடும். நமக்கு வேண்டியது "எவ்வளவு விலகல், அதனால் என்ன பாதிப்பு" என்பது. அதற்கு, ரெசிடுவல்களை இயல்நிலைப் பரவலில் எதிர்பார்க்கும் மதிப்புகளோடு ஒப்பிட்டு வரையும் கியூ-கியூ வரைபடம் போதும். 189 பேர் உள்ள இந்தத் தரவில் புள்ளிகள் பெரும்பாலும் கோட்டை ஒட்டியே போகின்றன, நுனியில் சில விலகுகின்றன. இத்தனை பேர் உள்ள தரவில் கெழுவின் நம்பக இடைவெளி அதனால் பெரிதாகக் கெடாது. ஒரு தனிக் குழந்தையின் எடையைக் கணித்து அதற்கு இடைவெளி தருவதாக இருந்தால் மட்டும் இயல்நிலையைப் பற்றி இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கும்.

ஆரில் நான்கு படங்களும் ஒரே கட்டளையில் வந்துவிடும்:

```r
plot(m, which = 1:4)
```

முதல் படம் கணித்த மதிப்புக்கு எதிரே ரெசிடுவல். அதில் வளைவு தெரிந்தால் நேர்கோட்டுத் தன்மை போதவில்லை. இரண்டாவது கியூ-கியூ. மூன்றாவதில் கோடு ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போனால் சிதறல் சமமாக இல்லை. நான்காவது குக் தொலைவு, ஒரே ஒரு ஆள் முடிவை எவ்வளவு இழுக்கிறார் என்பதற்கான அளவு. எஸ்.பி.எஸ்.எஸ்ஸில் ரிக்ரஷன் மெனுவின் உள்ளே இருக்கும் வரைபடப் பகுதியில் `ZRESID`, `ZPRED` என்ற இரண்டையும் போட்டால் முதல் படத்துக்கு இணையானது கிடைக்கும்.

சுயேச்சைத் தன்மை என்று வந்ததும் பலர் டர்பின்-வாட்சன் எண்ணைப் போடுகிறார்கள். "1.9 வந்தது, 2-க்கு அருகில் இருப்பதால் நிபந்தனை பூர்த்தியானது." மெனுவில் ஒரு டிக் அடித்தால் வந்துவிடும் என்பதால் இது இவ்வளவு பரவிவிட்டது. அந்த எண் செய்வது, ஒரு வரிசையின் ரெசிடுவலை அடுத்த வரிசையின் ரெசிடுவலோடு ஒப்பிடுவது. மாதாமாதம் எடுத்த அளவுகள் போல வரிசைக்கு ஓர் அர்த்தம் இருந்தால் அது பயன்படும். ஒருமுறை மட்டும் அளந்த ஆய்வில் வரிசை என்பது எக்ஸெலில் யாரை முதலில் பதிந்தோம் என்பது மட்டுமே.

`birthwt`-ல் இதை அழகாகக் காட்டலாம். அந்தக் கோப்பு எடை வாரியாக அடுக்கப்பட்டிருக்கிறது. முதலில் 2,500 கிராமும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஏறுவரிசையில், பிறகு எடை குறைந்தவர்கள் ஏறுவரிசையில்.

```r
library(car)
durbinWatsonTest(m)
d2 <- d[sample(nrow(d)), ]
durbinWatsonTest(update(m, data = d2))
```

முதல் தடவை விடை 1-க்கும் கீழே வரும். பாடப்புத்தகப்படி கடுமையான மீறல். வரிசைகளைக் கலைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் 2-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆட்கள் அதே ஆட்கள், கெழுக்கள் அதே கெழுக்கள். சீட்டுக்கட்டைக் குலுக்கியது மட்டுமே வித்தியாசம். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த டிக்கை மறுபடி அடிப்பதில்லை.

சுயேச்சை இருக்கிறதா என்பதற்கான பதில் ஆய்வு நடந்த விதத்தில்தான் இருக்கிறது. ஒரே தாய் இரண்டு பிரசவங்களுக்கு வந்திருக்கிறாரா? இரட்டைக் குழந்தைகள் சேர்ந்திருக்கிறார்களா? பல கிராமங்கள் அல்லது பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து கொத்துக் கொத்தாக எடுத்தீர்களா? ஒரே ஆளின் இரண்டு கண்களையும் தனித்தனி வரிசையாகப் போட்டிருக்கிறீர்களா? கண் மருத்துவ ஆய்வேடுகளில் கடைசியாகச் சொன்னது சர்வ சாதாரணம். ஆம் என்றால் கொத்தைக் கணக்கில் எடுக்கும் முறை வேண்டும், அதன் பெயர் பத்தியில் வர வேண்டும். இல்லை என்றால் "ஒவ்வொரு பங்கேற்பாளரும் ஒரு முறை மட்டுமே சேர்க்கப்பட்டார்" என்ற வாக்கியம், டர்பின்-வாட்சனைவிட எவ்வளவோ மேல்.

சிதறல் சமமாக இருப்பதைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஒரு சோதனை செய்து, அது தோற்றால் மட்டும், சிதறல் சமமாக இல்லாவிட்டாலும் தாங்கும் ரோபஸ்ட் திட்டப் பிழைக்குப் போவது என்ற இரண்டு கட்ட முறை எனக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் முதல் கட்டச் சோதனையும் சின்னத் தரவில் தூங்கும், பெரிய தரவில் மிரளும். சந்தேகம் இருக்கும் என்று தோன்றினால் ஆரம்பத்திலேயே ரோபஸ்ட் என்று எழுதிவிடுங்கள். ஆனால் "ரோபஸ்ட்" என்ற ஒற்றைச் சொல் போதாது, அதில் பல வகை உண்டு. ஆரில் `sandwich` தொகுப்பின் `vcovHC` சும்மா விட்டால் `HC3` தரும். ஸ்டேட்டாவில் `vce(robust)` என்றால் கிடைப்பது `HC1`. `HC3` வேண்டுமானால் `vce(hc3)` என்று கேட்க வேண்டும். இருவரும் "ரோபஸ்ட் திட்டப் பிழை" என்று எழுதுவார்கள், இருவரின் நம்பக இடைவெளியும் பொருந்தாது. 250 பேருக்கும் குறைவான தரவுகளுக்கு `HC3` பொருத்தம் என்று லாங், எர்வின் இருவரும் 2000-ல் ஒப்பிட்டுக் காட்டினார்கள்; நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் அந்த அளவுதான்.

```r
library(lmtest); library(sandwich)
coefci(m, vcov. = vcovHC(m, type = "HC3"))
```

வி.ஐ.எஃப். பற்றி நீட்டத் தேவையில்லை. அது மாதிரியின் நிபந்தனை அல்ல, மாறிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் திட்டப் பிழை எவ்வளவு ஊதியிருக்கிறது என்பதற்கான அளவு. எடை, உயரம், உடல் நிறை குறியீட்டெண் மூன்றையும் சேர்த்துப் போட்டவர்களுக்கு அது உடனே காட்டிக் கொடுக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இனம் போன்ற பல வகை மாறி இருந்தால் `car`-ன் `vif` சாதாரண வி.ஐ.எஃப். தராமல் `GVIF` என்ற பொதுமைப்படுத்திய வடிவத்தைத் தரும். எஸ்.பி.எஸ்.எஸ். டம்மி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தரும், அது ஒப்பீட்டு வகையை மாற்றினால் மாறும். எதைப் பார்த்தீர்கள் என்று எழுதிவிட்டால் முடிந்தது.

இந்தத் தரவில் எனக்குப் பிடித்த ஆள் 226 என்ற வரிசைப் பெயர் கொண்ட தாய். வயது 45. அவருக்கு அடுத்தபடியாக மூத்தவரின் வயது 36. அவருடைய குழந்தையின் எடை 4,990 கிராம், தரவிலேயே அதிகம். வயதிலும் தனியாக நிற்கிறார், கணித்ததைவிட குழந்தையும் பல நூறு கிராம் கூடுதல். குக் தொலைவுப் படத்தில் தலை நீட்டுவார். இப்போது எந்த எல்லையை வைத்துக்கொள்வது? `4/n` என்ற எல்லை இங்கே 0.021, அதன்படி இவர் செல்வாக்கு மிக்கவர். 1 என்ற எல்லையை எடுத்தால் ஒன்றுமே இல்லை, பட்டியலிலேயே வரமாட்டார். இரண்டு எல்லைகளும் நூல்களில் இருக்கின்றன. விடையைப் பார்த்துவிட்டு வசதியானதை எடுக்கலாம் என்ற சபலம் இங்கேதான் வருகிறது. அதனால்தான் எல்லையை முன்பே பத்தியில் எழுதச் சொல்கிறேன்.

எல்லையைத் தாண்டியவரை என்ன செய்வது? நீக்குவது அல்ல. முதலில் கேஸ் ஷீட்டைப் பார்த்து, பதிவுப் பிழையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிழை இல்லை என்றால் அவர் இருக்கட்டும். அவர் இல்லாமல் ஒரு தடவை ஓட்டி, முடிவு மாறுகிறதா என்று சொல்ல வேண்டும். இங்கே 226-ஐ எடுத்துவிட்டால் வயதின் கோடு முன்னைவிடச் செங்குத்தாகக் கீழே இறங்கும். நம் கேள்வியான புகைப்பழக்கத்தின் கெழு கொஞ்சம் அசைந்தாலும் முடிவு மாறாது. வயதைப் பற்றி ஆராய்பவருக்கு இந்தத் தாய் பெரிய செய்தி, நமக்கு ஒரு வரிச் செய்தி.

விடுபட்ட தரவு `birthwt`-ல் இல்லை. நிஜ ஆய்வேடுகளில் இருக்கும். ஆரும் எஸ்.பி.எஸ்.எஸ்ஸும் சொல்லாமலே, ஏதாவது ஒரு மாறி விடுபட்ட ஆளை முழுவதுமாக ஒதுக்கிவிடும். 200 பேர் என்று எழுதியிருப்பீர்கள், சரிசெய்த மாதிரியில் ஓடியது 163 பேராக இருக்கும். ஒவ்வொரு மாதிரியிலும் எத்தனை பேர், விடுபட்டதை எப்படிக் கையாண்டீர்கள் என்பதை எழுதுங்கள். அவதானிப்பு ஆய்வுகளுக்கான ஸ்ட்ரோப் வழிகாட்டியின் 12-ஆம் உருப்படி, விடுபட்டதைக் கையாண்ட விதத்தை வெளிப்படையாகவே கேட்கிறது.

மென்பொருள் வாக்கியத்தில்தான் நகல் எடுத்த வாடை அதிகம் அடிக்கும். "எஸ்.பி.எஸ்.எஸ். இன்க்., சிகாகோ, பதிப்பு 25" என்று பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று இல்லை. 2009-ல் ஐ.பி.எம். அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது. 19-ஆம் பதிப்பிலிருந்து பெயர் ஐ.பி.எம். எஸ்.பி.எஸ்.எஸ். ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஊர் நியூயார்க் மாநிலத்தின் ஆர்மாங்க். பழைய ஆய்வேட்டிலிருந்து எடுத்து எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார் என்று தேர்வாளருக்கு உடனே தெரியும். இன்னொன்று, "ஆர்ஸ்டூடியோவில் பகுப்பாய்வு செய்யப்பட்டது" என்பது. ஆர்ஸ்டூடியோ நாம் தட்டச்சு செய்யும் முகப்பு. கணக்குப் போடுவது ஆர். குறிப்பிட வேண்டியது ஆரின் பதிப்பையும், விடையைத் தந்த தொகுப்புகளையும். இதற்கெல்லாம் நினைவை நம்ப வேண்டாம்:

```r
citation()
citation("car")
packageVersion("sandwich")
sessionInfo()
```

பதிப்பு எண்ணைச் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம். 2019-ல் வந்த ஆர் 3.6.0-ல் `sample` செயல்படும் விதத்தை மாற்றினார்கள். அதற்கு முன்பும் பின்பும், ஒரே `set.seed` கொடுத்தாலும் வேறு வேறு வரிசை வரும். தரவிலிருந்து திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்துக் கணக்கிடும் பூட்ஸ்ட்ராப் இடைவெளி தந்த ஆய்வை வேறு பதிப்பில் ஓட்டி, கடைசி இலக்கங்கள் ஏன் பொருந்தவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, பதிப்பு எழுதியிருந்தால்.

சரி, இவ்வளவையும் சேர்த்தால் பத்தி எப்படி இருக்கும்? `birthwt`-க்கு நான் மாணவர்களுக்குக் காட்டும் வடிவத்தின் தமிழ் இது. பதிப்பு எண் உதாரணத்துக்காக வைத்தது. அவரவர் திரையில் வருவதைப் போட வேண்டும்.

"பிறப்பு எடையை (கிராம்) விளைவு மாறியாகவும் கர்ப்ப காலப் புகைப்பழக்கத்தை (உண்டு, இல்லை) முதன்மை விளக்க மாறியாகவும் கொண்டு நேர்கோட்டு ரிக்ரஷன் மாதிரி பொருத்தப்பட்டது. தாயின் வயது, கர்ப்பத்துக்கு முந்தைய எடை, இனம் (ஒப்பீட்டு வகை: வெள்ளையர்), முந்தைய குறைப்பிரசவ வலி (ஒரு முறையாவது இருந்தது, இல்லை), உயர் ரத்த அழுத்தம், கருப்பை எரிச்சல் ஆகியவை துறை அறிவின் அடிப்படையில் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டு மாதிரியில் சேர்க்கப்பட்டன. சரிசெய்யாத, சரிசெய்த வித்தியாசங்கள் 95% நம்பக இடைவெளியோடு தரப்படுகின்றன. நேர்கோட்டுத் தன்மையும் சிதறலின் சமநிலையும் கணித்த மதிப்புக்கு எதிரான ரெசிடுவல் வரைபடத்தாலும், ரெசிடுவல்களின் இயல்நிலை கியூ-கியூ வரைபடத்தாலும் மதிப்பிடப்பட்டன. நம்பக இடைவெளிகளுக்கு `HC3` ரோபஸ்ட் திட்டப் பிழைகள் பயன்படுத்தப்பட்டன. விளக்க மாறிகளுக்கு இடையிலான ஒட்டுறவு பொதுமைப்படுத்திய வி.ஐ.எஃப். மூலம் பார்க்கப்பட்டது. குக் தொலைவு `4/n`-ஐத் தாண்டிய பதிவுகள் மூல ஆவணத்தோடு ஒப்பிடப்பட்டு, அவற்றை நீக்கியும் பகுப்பாய்வு ஒருமுறை செய்யப்பட்டது. விடுபட்ட மதிப்புகள் இல்லை. 189 பதிவுகளும் சேர்க்கப்பட்டன. சோதனைகள் இருபக்கமானவை, முக்கியத்துவ எல்லை 0.05. பகுப்பாய்வு ஆர் 4.3.1-ல் (ஆர் ஃபவுண்டேஷன் ஃபார் ஸ்டாட்டிஸ்டிகல் கம்ப்யூட்டிங், வியன்னா) `car`, `lmtest`, `sandwich` தொகுப்புகளைக் கொண்டு செய்யப்பட்டது. தொகுப்புகளின் பதிப்புகளும் நிரலும் பின்னிணைப்பில் உள்ளன."

இதில் "மூல ஆவணத்தோடு ஒப்பிடப்பட்டு" என்ற இடம் நம் ஆய்வேட்டுக்குப் பொருந்தும். `birthwt` போல வெளியிலிருந்து எடுத்த தரவு என்றால் கேஸ் ஷீட் நம்மிடம் இருக்காது. அந்தச் சொற்களை எடுத்துவிட வேண்டும். செய்யாததைப் பத்தியில் எழுதக்கூடாது.

கவனித்தால், இந்தப் பத்தியில் சோதனைகளின் விடை எதுவும் இல்லை. படம் எப்படி இருந்தது, யார் எல்லையைத் தாண்டினார், நீக்கினால் என்ன ஆனது என்பதெல்லாம் முடிவுகள் அத்தியாயத்தில் இரண்டு வரியாக வர வேண்டும், படங்கள் பின்னிணைப்பில். விடையைப் பார்த்த பிறகு எதையாவது மாற்றியிருந்தால், உதாரணமாக ரெசிடுவலில் வளைவு தெரிந்ததால் தாயின் எடைக்கு இருபடி உறுப்பு சேர்த்திருந்தால், "ரெசிடுவலைப் பார்த்த பின் சேர்க்கப்பட்டது" என்று அப்படியே எழுதிவிடலாம். முன்பே திட்டமிட்டது போலக் காட்டும்போதுதான் சிக்கல்.

ஆய்வேட்டிலிருந்து இதழுக்குக் கட்டுரையாகப் போகும்போது சொல் எண்ணிக்கை இடிக்கும். அப்போது முதலில் போக வேண்டியது எக்ஸெலில் பதிந்தோம் என்ற வரி. அடுத்து சராசரிக்கும் திட்ட விலக்கத்துக்கும் விளக்கம். வி.ஐ.எஃப். வாக்கியத்தையும் பின்னிணைப்புக்குத் தள்ளலாம். மாறிகளை எப்படித் தேர்ந்தீர்கள், எப்படிக் குறியிட்டீர்கள், எந்தத் திட்டப் பிழை, எத்தனை பேர், எந்தப் பதிப்பு ஆகிய ஐந்தையும் மட்டும், இணை ஆசிரியர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வெட்டாதீர்கள்.